கல்லூரிப் படிவத்தை மீறாமல் ஒரு ரெசியூமே: புராஜெக்ட் கட்டத்தில் செய்த வேலை

என் அக்காவின் மகள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்குப் போய் இசிஇ படிக்கிறாள். 2026-இல் படிப்பு முடிகிறது. ஏழாம் செமஸ்டர் தொடங்கியதும் பிளேஸ்மென்ட் செல்லிலிருந்து ஒரு வேர்டு கோப்பு வந்தது. அதே படிவத்தில் நிரப்பித் தர வேண்டும், தலைப்புகளின் வரிசையை மாற்றக் கூடாது, இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று சுற்றறிக்கையில் எழுதியிருந்தார்கள். நான் கோவையில் எலக்ட்ரானிக்ஸ் கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வளாகத் தேர்வுகளில் நேர்காணல் குழுவில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அவளுடைய ரெசியூமேயைச் சேர்ந்து சரிசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்பதை, இதே நிலையில் இருக்கும் மாணவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

ரெசியூமே எப்போது படிக்கப்படுகிறது என்பது தெரிந்தால்தான் எதைத் திருத்துவது என்பது தெரியும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, சிஜிபிஏ, நிலுவையில் அரியர் உண்டா என்பவற்றை வைத்து நடக்கும் முதல் வடிகட்டல், பெரும்பாலும் பிளேஸ்மென்ட் செல் அனுப்பும் எக்செல் பட்டியலிலேயே முடிந்துவிடுகிறது. எழுத்துத் தேர்வும் கடந்த பிறகு, நேர்காணல் மேசையில், மாணவர் நாற்காலியில் உட்காரும் அந்த நேரத்தில்தான் ரெசியூமே கையில் எடுக்கப்படுகிறது. ஒரே கல்லூரியின் ஒரே படிவம் அன்று முழுவதும் கைக்கு வருவதால் கண் தலைப்புகளைத் தாண்டிவிடும். நான் நேராகப் புராஜெக்ட் கட்டத்துக்குத்தான் போவேன், என்னோடு உட்காரும் மற்றவர்களும் அப்படித்தான். படிவம் ஒன்றாக இருப்பதால் மாணவர்களுக்கு இழப்பு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒன்றுபோல இருக்கும் இடத்தில் மாறுபட்ட ஒரு வரி உடனே கண்ணில் படும்.

முதலில் சுற்றறிக்கையையும் மாதிரிக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விதி எது, நிரப்பிக் காட்டிய உதாரணம் எது என்று பிரித்தோம். கல்லூரி முத்திரை, புகைப்படம் இருக்கும் மூலை, எழுத்துரு காலிப்ரி 11, தலைப்புகளின் வரிசை, மதிப்பெண் அட்டவணை, கடைசியில் வரும் உறுதிமொழி ஆகியவை மட்டுமே விதி. குறிக்கோள் என்ற தலைப்பின் கீழ் இருந்த, சவாலான சூழலில் பணியாற்றித் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன் என்ற வாக்கியம் விதி அல்ல. எப்போதோ படித்துப் போன ஒரு சீனியர் எழுதியது. கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர் என்ற வரிகளும், பொழுதுபோக்கு என்ற இடத்தில் இருந்த பாட்டுக் கேட்பதும் அப்படியே. அவளுடைய வகுப்பில் பலர் அவற்றைத் தொடாமல் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். கோப்பின் உள்ளேயும் அந்தச் சீனியர் இருந்தார்: வேர்டில் `File > Info` போய்ப் பார்த்தபோது `Author` என்ற இடத்தில் அவர் பெயரும், `Title` என்ற இடத்தில் அவருடைய ரெசியூமே என்ற தலைப்பும் இருந்தன. பிடிஎஃப் ஆக்கி பிரவுசரில் திறந்தால் மேலே டேபில் அந்தப் பெயர்தான் தெரிந்தது. இரண்டையும் அவள் பெயருக்கு மாற்றினோம்.

மதிப்பெண் அட்டவணையில் எல்லையோர மாணவர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. படிவத்தில் பத்தாம் வகுப்புக்குச் சதவீதம் கேட்கிறார்கள். கேரளத்தின் எஸ்எஸ்எல்சி சான்றிதழில் சதவீதம் இல்லை, கிரேடு மட்டுமே இருக்கும். தமிழ்வழியில் படித்திருந்தாலும் அது கேரள வாரியத்தின் சான்றிதழ்தான். பத்துத் தாள்களில் அவள் எட்டில் ஏ ப்ளஸ், இரண்டில் ஏ வாங்கியிருந்தாள். ஏ ப்ளஸ் என்பது 90 முதல் 100 வரை, ஏ என்பது 80 முதல் 89 வரை என்பதால் எதோ ஒரு சதவீதத்தைத் தானே கணக்கிட்டு எழுதிவிடலாம் என்று அவள் நினைத்திருந்தாள். வேண்டாம் என்றேன். வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும்போது, ரெசியூமேயில் உள்ள எண்ணுக்கு ஆதாரம் கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது. ரெசியூமேயில் ஓர் எண், கல்லூரிப் பட்டியலில் ஓர் எண், நிறுவனத்தின் இணையப் படிவத்தில் இன்னோர் எண் என்று ஆகிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எனவே பிளேஸ்மென்ட் ஆபீசருக்கு மின்னஞ்சல் எழுதி, கேரளக் கிரேடுக்குக் கல்லூரி எந்த எண்ணை ஏற்கிறது என்று எழுத்திலேயே பதில் வாங்கினாள். அந்த எண்ணையும், அதன் பக்கத்தில் எட்டு ஏ ப்ளஸ், இரண்டு ஏ என்பதையும் ஒரே கட்டத்தில் எழுதினோம். பன்னிரண்டாம் வகுப்பில் இந்தத் தொல்லை இல்லை. கேரளச் சான்றிதழில் 1200-க்கு இத்தனை என்று மதிப்பெண்ணே இருக்கிறது.

இனிப் புராஜெக்ட் கட்டம். எங்கள் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

நான்கு பேர் சேர்ந்து செய்த புராஜெக்ட் அது. தலைப்பு, ஐஓடி வழியிலான தானியங்கிப் பாசனம். இந்தத் தலைப்பை நான் வெவ்வேறு கல்லூரிகளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். மண்ணின் ஈரப்பதத்தை உணர்ந்து மோட்டாரை இயக்கும் அமைப்பை உருவாக்கினோம், இதனால் 40 சதவீதம் நீர் மிச்சமாகிறது என்று அவள் எழுதியிருந்தாள். அதே இரண்டு வரிகள் மற்ற மூவரின் ரெசியூமேயிலும் எழுத்துப் பிசகாமல் இருந்தன. நான்கு பேரும் ஒரே நாளில் ஒரே குழுவின் முன் போவார்கள். மூன்றாவது ஆள் வரும்போது அந்த வரிகளை யாரும் படிக்க மாட்டார்கள். படித்தாலும், இதில் உண்மையில் வேலை செய்தவர் யார் என்ற கேள்விதான் மனதில் வரும்.

"அந்த 40 சதவீதத்தை எப்படி அளந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"நாங்க அளக்கல மாமா. ஒரு பேப்பர்ல அப்படிப் போட்டிருந்தாங்க."

அந்த எண்ணை அங்கேயே நீக்கினோம். பிறகு, குழுவில் நீ தனியாக உன் கையால் செய்த வேலை என்ன, எதில் மாட்டிக்கொண்டாய், எப்படி வெளியே வந்தாய் என்று கேட்டு, அவள் சொல்வதைச் சொல்கிறபடியே ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அரை மணி நேரப் பேச்சில் ரெசியூமேயில் இல்லாத விஷயங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

முதலாவது விஷயம் இது. அவர்கள் பயன்படுத்தியது ஈஎஸ்பி32 பலகை. மண் ஈர சென்சாரை `GPIO 25` என்ற பின்னில் இணைத்திருந்தார்கள். சென்சாரை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தபோது அளவு ஒழுங்காக வந்தது. வைஃபையை இணைத்த உடனே அளவு அர்த்தமில்லாமல் போனது. சென்சார் கெட்டுவிட்டது என்று எண்ணி வேறொன்று வாங்கிப் போட்டும் அதே கதை. இவள்தான் பலகையின் தரவுத் தாளைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள்: ஈஎஸ்பி32-இல் அனலாக் அளவைப் படிக்கும் பகுதிகள் இரண்டு உண்டு, அவற்றில் இரண்டாவதான `ADC2`-ஐ வைஃபையும் பயன்படுத்துவதால் வைஃபை ஓடும்போது அதை நம்பிப் படிக்க முடியாது. `GPIO 25` அந்த இரண்டாவது பகுதியைச் சேர்ந்தது. `ADC1`-ஐச் சேர்ந்த `GPIO 34`-க்கு ஒயரை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது விஷயம் எங்கள் ஊர் மண்ணோடு சம்பந்தப்பட்டது. சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண் உண்டு. மற்றவர்கள் லேபில் தொட்டி மண்ணை வைத்துச் சோதித்தபோது, இவள் வீட்டுத் தென்னந்தோப்பின் கரிசல் மண்ணைக் கொண்டுபோய், சென்சார் காட்டும் எண்ணுக்கும் உண்மையான ஈரத்துக்கும் உள்ள தொடர்பைக் கண்டு அளவுத்திருத்தம் செய்திருக்கிறாள். சிவில் துறை லேபில் மண்ணை உலர்த்தும் ஓவன் இருக்கிறது. ஈர மண்ணை எடைபோட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடைபோட வேண்டும். ஈர மண் 62 கிராம், உலர்ந்த பிறகு 50 கிராம் என்றால் போன நீர் 12 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரப்பதம் 24 சதவீதம். இப்படி ஐந்து வேறுபட்ட ஈர நிலைகளில் மண்ணை எடுத்து, ஒவ்வொன்றிலும் சென்சார் காட்டிய எண்ணையும் குறித்து ஒரு வரைபடம் போட்டிருந்தாள். அந்த வரைபடம் அவளுடைய லேப் நோட்டில் பென்சிலால் வரையப்பட்டபடி கிடந்தது. ரெசியூமேயில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"இதெல்லாம் சின்ன விஷயம்தானே மாமா, இதைப் போய் எழுதலாமா?" என்று கேட்டாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு இதுதான் பெரிய விஷயம். பாசன அமைப்பு என்பது யார் வேண்டுமானாலும் இணையத்திலிருந்து எடுத்து இணைக்கக்கூடியது. பழுதின் காரணத்தைத் தரவுத் தாளில் தேடிக் கண்டவர், சென்சார் சொல்வதை அப்படியே நம்பாமல் ஓவனில் வைத்துச் சரிபார்த்தவர் என்பதை அறிந்தால் அவரோடு பேச ஆசை வரும். அந்த ஆசையை உண்டாக்குவதற்குத்தான் அந்தக் கட்டம்.

கட்டத்தில் கடைசியாக நின்றவை நான்கு வரிகள். ஆங்கிலத்தில் எழுதியவற்றின் பொருளை இங்கே தமிழில் தருகிறேன். முதல் வரி: நால்வர் குழுவில் சென்சார் பகுதியும் அதன் அளவுத்திருத்தமும் என் பொறுப்பு. இரண்டாம் வரி: வைஃபை இயங்கும்போது சென்சார் அளவு தவறியதற்கு `ADC2` பகிர்வு காரணம் எனக் கண்டு, `GPIO 34`-க்கு மாற்றிச் சரிசெய்தேன். மூன்றாம் வரி: கரிசல் மண்ணில் ஐந்து ஈர நிலைகளில், ஓவனில் உலர்த்தி எடைபோடும் முறையோடு ஒப்பிட்டுச் சென்சாரை அளவுத்திருத்தம் செய்தேன். நான்காம் வரி: மண் காய்ந்து வெடிக்கும்போது சென்சாரைச் சுற்றிக் காற்று இடைவெளி விழுவதால் அளவு தவறுகிறது; இது இன்னும் தீராதது.

நான்காம் வரியைப் பற்றி அவளுக்குத் தயக்கம் இருந்தது. தீராத குறையை நாமே ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். கரிசல் மண் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது சென்சாரின் அளவை என்ன செய்கிறது என்பதைத் தோப்பில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். லேப் தொட்டியோடு நின்றவர் இந்த வரியை எழுத முடியாது. மேலும், கேள்வி இயல்பாக இந்த இடத்துக்கு வந்து சேரும்போது, இதற்கு என்ன செய்யலாம் என்று அவளும் கேட்பவரும் சேர்ந்து யோசிக்கும் பேச்சாக அது மாறும். நேர்காணலில் அதைவிட நல்ல நிலைமை மாணவருக்கு வாய்ப்பதில்லை என்பது என் அனுபவம். வரியை வைத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை வைத்தோம்: அந்த வரியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் கேட்பேன், இரண்டாவதற்கும் பதில் சொல்ல முடிந்தால் மட்டுமே வரி நிற்கும். `GPIO 34`-க்கு ஏன் போனாய் என்றேன், சொன்னாள். அதே பின்னில் ரிலேயை இணைத்து மோட்டாரை இயக்கியிருக்கலாமே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அந்தப் பின் உள்ளீட்டுக்கு மட்டுமே உரியது, அதிலிருந்து சமிக்ஞையை வெளியே அனுப்ப முடியாது என்றாள். வரி நின்றது. கிளவுடில் தரவைச் சேமித்தோம் என்று இன்னொரு வரி இருந்தது. அதைச் செய்தது வேறொரு மாணவர். இரண்டாவது கேள்வியிலேயே இவளால் மேலே போக முடியவில்லை. அது அந்த மாணவரின் ரெசியூமேக்குப் போக வேண்டிய வரி என்று எடுத்துவிட்டோம். மற்ற மூவரும் இதே முறையில் அவரவர் வேலையை எழுதிக்கொண்டார்கள் என்று பிறகு சொன்னாள். அதனால் இவளுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நான்கு பேரும் ஒரே புராஜெக்டின் நான்கு பகுதிகளைச் சொல்லும்போது ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதற்குச் சாட்சியாகிறது.

திறன்கள் கட்டத்தில் சி, சி ப்ளஸ் ப்ளஸ், ஜாவா, பைத்தான், மேட்லேப், எச்டிஎம்எல், செயற்கை நுண்ணறிவு என்று நீண்ட வரிசை இருந்தது. தாளும் பேனாவும் கொடுத்தால் அதில் பத்து வரி எழுதிக் காட்ட முடியுமா என்று கேட்டுக் கேட்டுக் குறைத்ததில் சி, பைத்தான், ஈஎஸ்பி32, ஆசிலாஸ்கோப்பில் அளவெடுத்தல் ஆகியவை மிஞ்சின. மேட்லேப்பை லேப் பாடத்தில் பயன்படுத்திய அளவு என்ற குறிப்போடு வைத்தோம். குறிக்கோள் வாக்கியத்தை, எம்பெடட் துறையில் சோதனை அல்லது ஃபர்ம்வேர் பணியை நாடுகிறேன், சென்சார் அளவுத்திருத்தத்தில் செய்முறை அனுபவம் உண்டு என்ற அளவில் ஒரே வாக்கியமாக்கினோம். ஐடி நிறுவனங்கள் வரும் நாளுக்கு இன்னொரு கோப்பு. அதில் குறிக்கோள் வாக்கியமும், பைத்தான் முன்னால் வரும் வரிசையும், அளவுத்திருத்த வரைபடத்துக்காக அவள் பிறகு எழுதிய பைத்தான் நிரலைச் சொல்லும் ஒரு வரியும் மட்டுமே வேறு.

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் அவள் ஐந்து நாள் போய் வந்ததை இன்டர்ன்ஷிப் என்று எழுதியிருந்தாள். சான்றிதழில் இருப்பதுபோல இன்பிளான்ட் டிரெய்னிங் என்றே மாற்றினோம். மொழிகள் என்ற இடத்தில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் எழுத, படிக்க, பேச எனப் பிரித்துக் காட்டினோம். கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் கிளை உள்ள நிறுவனங்களுக்கு மலையாளம் எழுதவும் தெரிந்தவர் என்பது பயனுள்ள செய்தி. கோவைக் கல்லூரியிலிருந்து வரும் பெரும்பாலோரிடம் அது இல்லை.

உள்ளடக்கம் முடிந்த பிறகு கோப்பின் வேலை. புராஜெக்ட் கட்டத்தில் நான்காம் வரி பாதியில் வெட்டுப்பட்டுத் தெரிந்தது. அட்டவணையின் வரிசை உயரத்தை மாதிரிக் கோப்பில் `Exactly` என்று கட்டியிருந்தார்கள். `Table Properties > Row` போய் `At least` என்று மாற்றியதும் கட்டம் தானாக விரிந்தது, படிவத்தின் தோற்றம் மாறவில்லை. அடுத்து, பிடிஎஃபிலிருந்து எழுத்து ஒழுங்காக வெளியே வருகிறதா என்று பார்த்தோம். நிறுவனங்களின் இணையதளத்தில் ஏற்றும்போது அவர்களுடைய மென்பொருள் எழுத்தைத்தான் படிக்கும், தோற்றத்தைப் பார்க்காது. லினக்ஸில் இருந்த என் கணினியில் இப்படிச் செய்தேன்:

```
pdftotext -raw resume.pdf out.txt
```

இந்தக் கருவி இல்லாதவர்கள் பிடிஎஃபைத் திறந்து `Ctrl+A`, `Ctrl+C` அடித்து நோட்பேடில் ஒட்டினாலே போதும். இரண்டு குறைகள் தெரிந்தன. அவளுடைய பெயரும் தொலைபேசி எண்ணும் எழுத்துக் கோப்பின் அடியில், உறுதிமொழிக்கும் கீழே போய்க் கிடந்தன. மாதிரிக் கோப்பில் அவை டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருந்ததே காரணம். டெக்ஸ்ட் பாக்ஸை நீக்கி, அதே இடத்தில் சாதாரண வரியாகத் தட்டினோம். இரண்டாவது, `calibration` என்ற சொல் `calibraƟon` என்று வந்தது. காலிப்ரி எழுத்துருவில் `t`, `i` இரண்டும் சேர்ந்து ஒரே வடிவமாவதால் சில வகையில் பிடிஎஃப் ஆக்கும்போது இப்படி ஆகிறது. கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைத் தேடும் மென்பொருளுக்கு அது கிடைக்காது. முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Font > Advanced > Ligatures` என்ற இடத்தில் `None` வைத்து, பிரிண்ட் வழியாகப் போகாமல் `Save As` வழியாகப் பிடிஎஃப் ஆக்கினோம். மறுபடி எடுத்துப் பார்த்தபோது எல்லாச் சொற்களும் முழுமையாக வந்தன.

பிளேஸ்மென்ட் ஆபீசர் ஒரு திருத்தத்தோடு ஏற்றுக்கொண்டார். புராஜெக்ட் தலைப்பை, கரிசல் மண்ணுக்கான பாசனச் சென்சார் என்று சுருக்கி எழுதியிருந்தோம். துறையில் பதிவான தலைப்புதான் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது நியாயம், ஏனெனில் புராஜெக்ட் சான்றிதழில் அந்தத் தலைப்புத்தான் வரும். பதிவான தலைப்பை மேலே வைத்து, கீழே உள்ள நான்கு வரிகளை அப்படியே விட்டோம். இப்போது மிச்சம் இருப்பது ஏழாம் செமஸ்டர் முடிவு வரும்போது சிஜிபிஏயைப் புதுப்பிப்பதுதான். அதை இரண்டு கோப்புகளிலும் கல்லூரிப் பட்டியலிலும் ஒரே நாளில், மதிப்பெண் தாளில் உள்ள தசம இலக்கம் வரை ஒன்றாகவே மாற்ற வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.